முதல் கடிதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். உதவியாளராகச் சேர்ந்த பதினோராவது நாள், கவிதாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதும் வேலை வந்தது. செக்கிங் பிரிவு முருகேசன் ஜூன் மாதத்தில் ஆறு நாள் தாமதம்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். "தங்களின் பொறுப்பற்ற, அலட்சியப் போக்கை நிர்வாகம் இனியும் சகித்துக்கொள்ளாது."

சாந்தி மேடம் இரண்டு முறை படித்தார்.

"அலட்சியம்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? அவர்கிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை.

"பஞ்ச் மெஷினுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுது. இது அவர் வீட்டுக்குப் போகும். அவர் பொண்ணு படிச்சுக் காட்டும்."

கவிதாவுக்குத் தொண்டை அடைத்தது. ஏழாவது படிக்கும்போது, அப்பாவுக்கு மில்லிலிருந்து வந்த கடிதத்தை அவள்தான் வாசித்தாள். 'ஒழுங்கீனம்' என்றால் என்னவென்று அவரிடமே கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பவும் எழுதினாள்.

"ஜூன் 3, 5, 10, 12, 18, 24 தேதிகளில் தாங்கள் காலை 8.30 மணி ஷிப்டுக்கு 20 நிமிடங்களுக்கு மேல் தாமதமாக வந்துள்ளீர்கள். காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்திலோ நேரிலோ தெரிவிக்கவும். இது தொடர்ந்தால் நிலையாணைகளின்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்."

கண்டிப்பு குறையவில்லை. மேடம் கையெழுத்துப் போட்டார்.

முருகேசன் நின்றபடியே வாசித்தார். நகலில் கையெழுத்திட்டுவிட்டு, "காரணம் சொல்லலாமாம்மா?" என்றார்.

"உட்காருங்கண்ணா," என்று கவிதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.