டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் முடித்தவர்களுக்கு: ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சி, குறிச்சி சிட்கோ, கோவை

வணக்கம். ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் டிரேடு முடித்த தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு இதை அனுப்பிவைக்கப் போகும் ஜே.டி.ஓ. சார்களுக்கும் இந்த மெசேஜ்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் மெஷின் ஷாப் இருக்கிறது. 28 பேர் வேலை செய்கிறோம். பம்புக்கான ஷாஃப்ட், இம்பெல்லர், பேரிங் ஹவுசிங் ஆகியவற்றை மெஷினிங் செய்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. நாலு சி.என்.சி. டர்னிங் சென்டர், இரண்டு வி.எம்.சி., மூன்று சாதா லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு சிலிண்ட்ரிக்கல் கிரைண்டர் ஓடுகின்றன. இந்த வருடம் நாலு அப்ரன்டிஸ் எடுக்கிறோம்: டர்னர் 2, மெஷினிஸ்ட் 1, ஃபிட்டர் 1. பயிற்சி 12 மாதம்.

முதலில் பணம். முதல் ஆறு மாதம் மாதம் 11,000 ரூபாய். ஏழாவது மாதத்தில் இருந்து 12,500. இதில் 1,500 ரூபாய் வரை என்.ஏ.பி.எஸ். திட்டத்தில் அரசு தரும் பங்கு. அது உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும், என் கைக்கு வராது. மீதி முழுவதையும் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் நான் போட்டுவிடுவேன். அரசுப் பணம் சில சமயம் தாமதமாக வரும். அதனால் அந்த 1,500-ஐ நம்பி வாடகை, தவணை எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் பட்டறையிலேயே உண்டு, அதற்குப் பிடித்தம் கிடையாது. சேஃப்டி ஷூவும் இரண்டு செட் யூனிஃபார்மும் நாங்களே தருகிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே ஏரியாவில் கான்ட்ராக்ட்டில் ஆபரேட்டராகப் போனால் கையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். உடனே பணம் தேவைப்படும் வீடு என்றால் அங்கே போவதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரே ஜாப்பைத்தான் வருடம் முழுக்க மாட்டிக் கழற்றுவீர்கள். கதவைத் திற, ஜாப்பைப் போடு, பச்சை பட்டனை அமுக்கு, அவ்வளவுதான். செட்டிங் தெரிந்தவருக்கும் பட்டன் அமுக்குபவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் சீனியர்களிடமே கேட்டுப் பாருங்கள். நான் எடுப்பது செட்டராக வர நினைப்பவர்களை.

முதல் மூன்று மாதம் சி.என்.சி. பக்கம் வேலை இருக்காது. அளவெடுப்பது, டிராயிங் படிப்பது, சாதா லேத்தில் கை பழகுவது, ஹெச்.எஸ்.எஸ். டூலைக் கிரைண்டரில் பிடித்துக் கோணம் தீட்டுவது, ஜாப்பில் பர் எடுப்பது. கொஞ்சம் சலிப்பாக இருக்கும், இரண்டாவது மாதத்தில் "எப்போ சார் சி.என்.சி.?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஆனால் மைக்ரோமீட்டரை அழுத்திப் பிடித்தால் ஒரு அளவு, ராட்செட்டைத் திருகிப் பிடித்தால் இன்னொரு அளவு என்பது கைக்குப் புரியாமல் மேலே போக முடியாது. கப்ளிங் உட்காரும் இடம் 25 மி.மீ. h6 என்று டிராயிங்கில் இருந்தால் மேலே சுழியம், கீழே 13 மைக்ரான். அந்த 13 மைக்ரானுக்குள் நிற்பதற்குத்தான் எங்களுக்குப் பணம் தருகிறார்கள்.

நாலாவது மாதத்தில் இருந்து டர்னர்களுக்கு சி.என்.சி. டர்னிங், மெஷினிஸ்ட்டுக்கு வி.எம்.சி. சாஃப்ட் ஜா போரிங் செய்வது, ஒர்க் ஆஃப்செட், டூல் ஆஃப்செட் எடுப்பது, எஸ்.எஸ். 410-க்கு எந்த இன்சர்ட், காஸ்ட் அயனுக்கு எது, தேய்ந்த இன்சர்ட்டைச் சத்தத்திலும் சில்லின் நிறத்திலும் எப்படிக் கண்டுபிடிப்பது, முதல் பீஸை அளந்து அப்ரூவல் வாங்குவது, எல்லாம் மெஷின் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொள்வீர்கள். புரோகிராமும் உண்டு. G71 சைக்கிள் போட்டு ஒரு ஸ்டெப் ஷாஃப்ட்டுக்கு நீங்களே புரோகிராம் எழுதி, சிமுலேஷன் பார்த்து, ஓட்டிக் காட்ட வேண்டும். ஃபிட்டருக்கு ஃபிக்ஸ்சர் அசெம்பிளி, அலைன்மென்ட், மெஷின் பராமரிப்பு. ஒவ்வொருவரையும் ஒரு சீனியர் செட்டரோடு சேர்த்துவிடுவேன். அவர் லீவு போட்டால் உங்களை வேறு எடுபிடி வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், டிராயிங் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

ஒப்பந்தம் apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவாகும். மேலே சொன்ன உதவித்தொகை அதில் எழுத்தில் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து தேர்வில் பாஸ் செய்தால் தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன், வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. டெபாசிட், கமிஷன் என்று யாராவது என் பட்டறை பேரைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேரம் காலை 8.30 முதல் மாலை 5 வரை, பகல் ஷிஃப்ட் மட்டும். ஞாயிறு விடுமுறை. ஓவர்டைம் கிடையாது, நீங்களே கேட்டாலும் கிடையாது. பெண் பிள்ளைகள் தாராளமாக வரலாம். தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கின்றன. தங்கும் இடம் பையன்களுக்கு மட்டும், பட்டறை மாடியில் நாலு பேர் தங்கும் ஒரு அறை, வாடகை இல்லை. பெண்களுக்கு எங்களால் தங்கும் ஏற்பாடு செய்ய முடியவில்லை, தினமும் வந்து போகும் தூரத்தில் இருந்தால் வசதி.

ஒரு வருடம் முடிந்ததும் வேலை நிச்சயமா என்று அப்பாமார் கேட்பார்கள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் இருந்து, உங்கள் வேலையும் பிடித்திருந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பேன். வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் தடுக்கவும் மாட்டேன்.

செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நேரில் வாருங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழ் அல்லது மார்க் ஷீட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கின் பாஸ்புக், இரண்டு போட்டோ. ரிசல்ட் இன்னும் வராதவர்களும் வரலாம், ஒப்பந்தம் மட்டும் ரிசல்ட் வந்தபின் போடுவோம். மார்க் குறைவு என்று தயங்க வேண்டாம், அரியர் இல்லாமல் பாஸ் ஆகியிருந்தால் போதும்.

அன்றைக்குச் சின்னதாக ஒரு டெஸ்ட் இருக்கும். ஒரு ஜாப்பைக் கொடுத்து வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து எழுதச் சொல்வேன். 40 மி.மீ. ராடுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் கட்டிங் ஸ்பீடு என்றால் லேத்தை எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டுவீர்கள் என்பது மாதிரி இரண்டு கணக்கு. (240-க்குப் பக்கத்தில் வர வேண்டும், எப்படி வந்தது என்பதைத்தான் கேட்பேன்.) ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், செருப்போடு ஷாப் உள்ளே விட மாட்டோம்.

உக்கடத்தில் இருந்து பொள்ளாச்சி ரோட்டில் வரும் பஸ்ஸில் ஏறி சிட்கோ ஸ்டாப்பில் இறங்கலாம். லொகேஷனைத் தனியாக அடுத்த மெசேஜில் போட்டிருக்கிறேன். வருபவர்கள் பெயர், டிரேடு, ஐ.டி.ஐ. பெயர் மூன்றையும் வியாழக்கிழமைக்குள் இதே நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் மதியச் சாப்பாடு சொல்ல வேண்டும். போன் செய்வதாக இருந்தால் மாலை 5.30-க்கு மேல். ஷாப் உள்ளே இருந்தால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

ஜே.டி.ஓ. சார்களுக்கு: மார்க் லிஸ்ட் அனுப்ப வேண்டாம் சார், ஒர்க்‌ஷாப்பில் கை சுத்தமாக வேலை செய்யும் பிள்ளைகள் யார் என்று மட்டும் சொல்லுங்கள்.