பரிந்துரைக் கடிதம் தொடர்பாகத் தங்களைச் சந்திக்க நேரம் வேண்டுதல்

திருச்சிராப்பள்ளி
05.12.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் முதுநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி கயல்விழி. முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் சேற்று மண்ணில் உப்புத்தன்மை பற்றித் தங்கள் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து வருகிறேன்.

கடலோரச் சூழலியலில் மேற்படிப்புக்காக ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தலா ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். முதலாவதற்கு 2026 ஜனவரி 8, இரண்டாவதற்கு ஜனவரி 15 கடைசி நாள். பரிந்துரைப்பவருக்குப் பல்கலைக்கழகமே மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும். கடிதத்தை அதில் அவரே பதிவேற்ற வேண்டும். ஜனவரி 15 பொங்கல் திருநாளாகவும் இருப்பதால், இரண்டாவது கடிதம் 12ஆம் தேதிக்குள் சென்றுவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

என் முதல் மாதிரிகள் பிழையானபோது, மீண்டும் களத்துக்குச் சென்று புதிதாக எடுத்துவரச் சொல்லி, அளவீடுகளை என்னுடன் அமர்ந்து சரிபார்த்தவர் தாங்கள். என் உழைப்பையும் குறைகளையும் நேரில் அறிந்த தாங்கள் எழுதுவதையே பெரிதும் விரும்புகிறேன். ஆயினும், மனநிறைவோடு பரிந்துரைக்க இயலுமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதால், கடிதத்தை நேரடியாகக் கேட்காமல் முதலில் சந்திக்க விழைகிறேன்.

டிசம்பர் 10 புதன்கிழமை அல்லது 12 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குமேல் இருபது நிமிடம் ஒதுக்க இயலுமா? வேறு நேரம் வசதியெனில் அப்போதே வருகிறேன். மதிப்பெண் பட்டியல், நோக்க உரையின் வரைவு, ஆய்வுச் சுருக்கம் ஆகியவற்றை அச்செடுத்துக் கொண்டுவருவேன்.

தங்கள் உண்மையுள்ள மாணவி,
செ. கயல்விழி