நூல் கொள்முதல் பேரம்: நடிப்புப் பயிற்சி

இரண்டு வேடங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர், பல்லடம் நூற்பாலையின் விற்பனை மேலாளர். சரக்கு: 30ம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல், 12,000 கிலோ. மில் சொன்ன விலை கிலோ ₹282, ஜிஎஸ்டி தனி. இன்று மார்ச் 4. அவரவர் தாளை மட்டும் படிக்கவும். எட்டிப் பார்த்தால் பயிற்சியே வீண்.

ரகசியத் தாள்: வாங்குபவர்
₹275க்கு மேல் போக அனுமதி இல்லை. 11ம் தேதி முதல் நிட்டிங் மெஷின் பிடித்து வைத்திருக்கிறீர்கள். 5,000 கிலோ நேவி ப்ளூவுக்கு. அது ஒரே லாட்டாக இருக்க வேண்டும், லாட் கலந்தால் சாயம் ஏறியபின் துணியில் பட்டை தெரியும். மீதி 7,000 கிலோ வெள்ளைக்கு, 22ம் தேதி வரை பொறுக்கலாம். 45 நாள் கடன் கேளுங்கள். 15 நாளில் பணம் தர முதலாளி சம்மதித்துவிட்டார். அதைச் சும்மா விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரகசியத் தாள்: விற்பவர்
45 நாள் கடன் என்றால் ₹277க்குக் கீழே கட்டாது. 15 நாளில் பணம் என்றால் ₹272 வரை இறங்கலாம். மார்ச் 31க்குள் பஞ்சுக்குப் பணம் கட்ட வேண்டும். குடோனில் ஒரே லாட்டில் 5,200 கிலோ இருக்கிறது. மீதியை ஓட்டி முடிக்க 20ம் தேதி ஆகும்.

உரையாடல்

வாங்குபவர்: 12 டன் எடுக்கிறோங்க. ₹270 போடுங்க. மொத்தமும் 10ம் தேதிக்குள் வேணும், 45 நாளில் பணம்.

விற்பவர்: அந்த விலைக்குப் பஞ்சுதான் தர முடியும் சார். ₹279. தேதியும் சிரமம்.

வாங்குபவர்: இன்னொரு மில் ₹276 சொல்லியிருக்காங்க.

விற்பவர்: அவங்க எப்போ தர்றாங்க?

வாங்குபவர்: (தயங்கி) மாசக் கடைசி.

விற்பவர்: அப்போ உங்களுக்கு அவசரம் எல்லாச் சரக்குக்குமா, கொஞ்சத்துக்கா?

வாங்குபவர்: 5 டன் கலருக்குப் போகுது. அது ஒரே லாட்டில் வேணும்.

விற்பவர்: அது கையிலேயே இருக்கு. 9ம் தேதி இறக்கிடறேன். மீதி 21. ₹277.

வாங்குபவர்: 15 நாளில் பணம் தந்தா?

விற்பவர்: ஒவ்வொரு லோடுக்கும் 15 நாளா?

வாங்குபவர்: ஆமாங்க. முதல் லோடு பணம் 24ம் தேதி உங்க அக்கவுண்டில் இருக்கும். ₹272.

விற்பவர்: ₹274. லாரி வாடகை எங்களுது.

வாங்குபவர்: ₹273 போடுங்க, முடிச்சுக்கலாம். ஆனா இரண்டாவது லோடு 22ஐத் தாண்டினா அந்த 7 டன்னுக்குக் கிலோவுக்கு ₹2 குறைக்கணும்.

விற்பவர்: கரண்ட் போனா எங்க மேல வராதுன்னு எழுதுங்க.

வாங்குபவர்: ஒரு நாள் தாமதம் மட்டும் விட்டுடறோம். அதுக்கு மேல நீங்கதான் பொறுப்பு.

விற்பவர்: சரிங்க. லாட் நம்பரையும் ஆர்டரில் போட்டு இன்னிக்கே மெயில் பண்ணிடுங்க, குடோனில் தனியா எடுத்து வெச்சிடறேன்.