ஊர்காக்கும் மாரியம்மா: சாட்டுக்குப் பாட்டுத்தாள்

நம் கோயில் பாட்டுக்குழுவின் அக்காமார்களுக்கும் அத்தைமார்களுக்கும், ஜால்ரா பிடிக்கும் பிள்ளைகளுக்கும்:

இந்த வருடச் சாட்டுக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதிவிட்டேன். ஞாயிறு மாலை விளக்கு வைத்த பிறகு மண்டபத்தில் ஒரே ஒரு ஒத்திகை. அதற்கு மேல் யாருக்கும் நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். திங்கள் முதல் தறி ஓடும், மஞ்சள் வேகவைக்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆகவே ஒரு மாலையில் அடங்குகிற பாட்டு இது. மனப்பாடம் செய்ய வேண்டியது பல்லவி நான்கு வரி மட்டும். மற்றதெல்லாம் முன்பாட்டு சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்வதுதான்.

முன்பாட்டு கீழ்வீதி அக்கா. அவர் தொண்டை கட்டிக்கொண்டால் கோயில் வீட்டு அத்தை. தாளை அவர்கள் இருவர் கையில் மட்டும் கொடுங்கள். எல்லாரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றால் அம்மனை யார் பார்ப்பது?

ஆர்மோனியத்துக்கு: இரண்டு கட்டை சுருதி. கரகரப்பிரியா சுரங்கள். இரண்டு கட்டையில் வைத்தால் எல்லாம் வெள்ளைக் கட்டையிலேயே விழும், கறுப்பைத் தொடவே வேண்டாம். பாட்டு ‘ச’வில் தொடங்கி ‘ப’வைத் தாண்டுவதில்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறினால்தான் பக்தி என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே ஏறியதும் குழுவில் பாதிப் பேர் வாயசைக்க மட்டும் செய்கிறார்கள் என்பதைப் பல சாட்டுகளில் பார்த்தாகிவிட்டது.

வரிக்கு நான்கு தட்டு. கும்மிக்குத் தட்டுகிற அதே கை.

தொடக்கம் (முன்பாட்டு மட்டும், தாளம் இல்லாமல், நிதானமாக)

அரச மரத்துப் பிள்ளையாரே,
ஆத்தா பாட்டைத் தொடங்குகின்றோம்.
முன்னே வந்து வழிகாட்டி
முடியும் வரைக்கும் துணையிருப்பீர்.

பல்லவி (எல்லாரும், இரண்டு முறை)

ஊர்காக்கும் மாரியம்மா – எங்கள்
உயிர்காக்கும் தாயே அம்மா
நீர்கொண்டு வந்தோம் அம்மா – எம்மை
நீபார்த்தால் போதும் அம்மா

மெட்டு, ஒரு தட்டுக்கு ஒரு கட்டம்:

முதல் வரி: சச | ரிக | மம | பா
இரண்டாம் வரி: பப | மக | ரிக | மா
மூன்றாம் வரி: முதல் வரி மாதிரியே
நான்காம் வரி: பம | கரி | கரி | சா

‘எங்கள்’, ‘எம்மை’ இரண்டும் தட்டுக்கு முன்னால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் சொற்கள். அவற்றை நீட்டினால் தாளம் கெட்டுவிடும். முந்தைய வரியின் கடைசித் தட்டு ஓயும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரணங்களில் முதல் இரண்டு வரியை முன்பாட்டு ‘பப | பப | மக | மா’ என்று பாட, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ‘மாரியம்மா’ என்று விடை சொல்வீர்கள்: கக | ரிரி | சா | சா. அடுத்த இரண்டு வரிக்குப் பல்லவியின் மூன்றாம், நான்காம் வரி மெட்டுதான். முன்பாட்டு சொன்னதும் நீங்கள் ஒரு முறை. பிறகு பல்லவி.

1. பூச்சாட்டு

செவ்வாய்க் கிழமை பூச்சாட்டு – *மாரியம்மா*
தெருவெல்லாம் வேப்பிலைக் கட்டு – *மாரியம்மா*
வெளியூர் போன பிள்ளை யெல்லாம்
வீடு வந்து சேர்ந்தா ரம்மா

2. கம்பம்

மூன்று கிளைக் கம்பம் நட்டோம் – *மாரியம்மா*
முழுக்க மஞ்சள் பூசி விட்டோம் – *மாரியம்மா*
குடம்குடமாய் நீரும் விட்டோம்
குறைகள் தீரக் கும்பிட் டோமே

இந்தச் சரணத்தை ஒத்திகையில் முதலில் எடுங்கள். விடிகாலையில் ஈரச் சேலையோடு கம்பத்துக்கு நீர் ஊற்றாதவர் குழுவில் யாருமே இல்லை. கை செய்த வேலையை வாய் சொல்வதற்குப் பயிற்சி எதற்கு? பாட்டு முழுவதையும் சாட்டு நடக்கும் வரிசையிலேயே கட்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். பூச்சாட்டுக்குப் பின் கம்பம், கம்பத்துக்குப் பின் தீர்த்தம் என்று அடுத்த சரணம் தானாக நினைவுக்கு வந்துவிடும். எண் போட்டு நெட்டுருப் போட வேண்டாம்.

3. தீர்த்தம்

கொடுமுடியில் நீரெ டுத்தோம் – *மாரியம்மா*
குடத்தில் வேப் பிலையும் வைத்தோம் – *மாரியம்மா*
கால்கடுக்க நடந்து வந்தோம்
காவிரியைக் கொண்டு வந்தோம்

நம் ஊர் நொய்யல் கரையில் இருக்கும்போது பாட்டில் காவிரி எதற்கு என்று மேல்வீதித் தாத்தா கேட்பார். அவர் காலத்தில் நொய்யலிலேயே குடம் மொண்டார்கள். சாயத் தண்ணீர் வந்த பிறகு அது நின்றது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்ட பின்னும், நம் ஊர்க்காரர்கள் தீர்த்தத்துக்குக் கொடுமுடிக்குத்தான் போகிறார்கள். நடந்ததைத்தான் எழுத முடியும். நொய்யல் தெளிந்து ஓடும் வருடம் இந்த ஒரு சரணத்தை மாற்றித் தருகிறேன், சந்தோஷமாக.

4. பூவோடு

கையில் ஏந்தும் பூவோடு – *மாரியம்மா*
கனன் றெரியும் நெருப்போடு – *மாரியம்மா*
மெய்யில் பூசும் மஞ்சளோடு
மெல்ல வந்தோம் அன்போடு

பூவோடு எடுத்து வருபவர்கள் வேகமாக நடக்க முடியாது, நிற்கவும் முடியாது. ஊர்வலத்தில் இந்தச் சரணத்தையும் பல்லவியையும் மட்டும் மாற்றி மாற்றிப் பாடினால் போதும். உடுக்கைக்காரர் எவ்வளவு வேகம் எடுத்தாலும் நீங்கள் எடுக்காதீர்கள். பூவோட்டின் நடையே உங்கள் தாளம்.

5. மாவிளக்கு

பச்சரிசி இடித்தெ டுத்து – *மாரியம்மா*
நாட்டுச் சர்க்கரை சேர்த்தெ டுத்து – *மாரியம்மா*
நெய்யை ஊற்றித் திரியும் இட்டோம்
நீயே சுடராய் வந்து நின்றாய்

‘கற்பக விருட்சமே’, ‘கருணாகரியே’ என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கவுந்தப்பாடிச் சந்தையில் வாங்கிய சர்க்கரை என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் நாவில் ஊறுகிறது, பாட்டும் நாவிலேயே தங்கிவிடுகிறது. ‘நாட்டுச் சர்க்கரை’யில் சொற்கள் கொஞ்சம் நெருக்கமாக விழும். ‘நாட்டுச்’ ஒரு தட்டு, ‘சர்க்கரை’ ஒரு தட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

6. தறி

தறியை நிறுத்தி வந்து நின்றோம் – *மாரியம்மா*
தார்சுற்றும் கை கூப்பி நின்றோம் – *மாரியம்மா*
பஞ்சுத் தூசி துடைத்து விட்டுப்
பட்டுச் சேலை சாத்தி நின்றோம்

7. பொங்கல்

மூன்று கல்லை அடுப்பாய் வைத்தோம் – *மாரியம்மா*
முதலில் உன்னை மனதில் வைத்தோம் – *மாரியம்மா*
பானை பொங்கி வழியும் போது
பாட்டை நிறுத்திக் குலவை யிட்டோம்

இங்கே பாட்டை நிஜமாகவே நிறுத்தி எல்லாரும் குலவையிடுங்கள். எட்டுத் தட்டு நேரம். ஒத்திகையில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது இந்த இடம். முதல் முறை சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குலவை முடிந்ததும் ஜால்ரா ஒரு தட்டுக் கொடுக்க, பல்லவி.

8. மழை

வானம் பார்த்த காட்டைப் பார் – *மாரியம்மா*
வற்றிப் போன கிணற்றைப் பார் – *மாரியம்மா*
பட்டியில் நிற்கும் மாட்டைப் பார்
பார்த்து விட்டுப் பெய்து பார்

அம்மனைப் பார்த்து ‘பெய்து பார்’ என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். பெற்ற தாயிடம் ‘வாரும், தாரும்’ என்று யார் பேசுகிறார்கள்? நம் பக்கத்துக் கிழவிகள் கம்பத்தடியில் நின்று ஆத்தாளை வைதே கேட்டிருக்கிறேன். பங்குனி வெயிலில் கிணறு காய்ந்து, மாட்டுக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்குகிறவன் கும்பிடும்போது கொஞ்சம் கோபமும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கோபத்தோடே பாடுங்கள். கடைசி வரியை மட்டும் மெதுவாக.

9. பிள்ளைகள்

வெயில் காலம் வந்த தம்மா – *மாரியம்மா*
வேப்பங் காற்று வீசு மம்மா – *மாரியம்மா*
பிள்ளை உடம்பு சுடுகை யிலே
பக்கம் வந்து உட்கா ரம்மா

பழைய பாட்டுகளில் இந்த இடத்தில் முத்து இறக்குவது வரும். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் காய்ச்சல் வந்த பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருக்கும் இரவு எந்த வீட்டுக்கும் தெரியாததல்ல. அதனால் ஆத்தாளைக் கட்டிலோரம் உட்காரச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது சரணத்தைக் கைத்தட்டல் இல்லாமல், ஆர்மோனியம் மட்டும் வைத்துப் பாடுங்கள். விடை சொல்லும் ‘மாரியம்மா’வைப் பிள்ளைகள் மட்டும் சொல்லட்டும்.

10. மஞ்சள் நீர்

கம்பம் இன்று எடுத்து விட்டோம் – *மாரியம்மா*
கலந்து மஞ்சள் நீரும் விட்டோம் – *மாரியம்மா*
போஎன் றுன்னைச் சொல்ல மாட்டோம்
பூச்சாட் டுக்கு வாஎன் போமே

இது கம்பம் எடுக்கும் நாளுக்கு மட்டும் உரிய சரணம். மற்ற இரவுகளில் ஒன்பதோடு நிறுத்தி மங்களத்துக்குப் போய்விடுங்கள். கம்பம் நிற்கும்போதே எடுத்துவிட்டதாகப் பாடினால் பூசாரி சண்டைக்கு வருவார், நியாயம் அவர் பக்கம்.

மங்களம் (எல்லாரும், பல்லவி மெட்டில், வேகத்தைப் பாதியாகக் குறைத்து)

மங்களம் மாரித் தாய்க்கு
மங்களம் மழைநீ ருக்கு
மங்களம் ஊரா ருக்கு
மங்களம் உழைப்போ ருக்கு

ஞாயிறன்று நேரம் இப்படிப் போகட்டும்: முதலில் பல்லவியை வாயால் சொல்லி, பிறகு தட்டோடு, பிறகு மெட்டோடு. ‘மாரியம்மா’ விடை பதியும் வரை இரண்டாம் சரணத்தை விடாதீர்கள். அது பதிந்துவிட்டால் மற்ற சரணங்கள் ஓட்டமாக ஓடிவிடும். மழைச் சரணத்துக்கும் குலவைக்கும் மட்டும் கொஞ்சம் நின்று பழக வேண்டும். கடைசியில் மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை முழுவதும் பாடிப் பாருங்கள். சாட்டின்போது மின்சாரம் போகாத இரவு நம் ஊரில் உண்டா?

ஜால்ரா இரண்டும் கோயில் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றின் கயிறு அறுந்திருக்கிறது. யாராவது தறிக்கூடத்திலிருந்து நல்ல நூல்கயிறு ஒரு முழம் எடுத்து வாருங்கள்.