பதி, பசு, பாசம்: சைவ சித்தாந்தத்தின் முப்பொருள்

இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைப் பிணித்திருக்கும் பாசம் ஆகிய மூன்றும் தொடக்கம் இல்லாத உள்பொருள்கள் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் இம்மூன்றின் இயல்பையும் தொடர்பையும் 12 நூற்பாக்களில் நிறுவுகிறது. தொடக்கம் இல்லாமையில் ஒத்திருந்தாலும் இவை நிகரானவை அல்ல என்பதை அறிவு என்னும் அளவுகோல் காட்டும்.

படம் 1

```
பதி    : தானே அறியும்             (சத்து)
 ▲
 │
பசு    : அறிவித்தால் அறியும்       (சதசத்து)
 │
 ▼
பாசம்  : அறிவித்தாலும் அறியாது   (அசத்து)
```

நடுவில் நிற்கும் பசுவிலிருந்து இருபுறமும் அம்புக்குறி செல்வதைக் கவனியுங்கள். சத்து என்பது மாறாதது, அசத்து என்பது மாறுவது; இரண்டையும் சார்ந்து நிற்கக்கூடியதால் உயிர் சதசத்து. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பதே உயிரின் இயல்பு. பாசத்தைச் சார்ந்தால் அதில் அழுந்தும், பதியைச் சார்ந்தால் பேரின்பம் பெறும். சித்தாந்தம் முழுவதற்கும் திறவுகோல் இந்த ஒரு கருத்துதான் என்பேன்.

படம் 2

```
பாசம்
 ├─ ஆணவம் : அறிவை மறைப்பது
 ├─ கன்மம் : வினையும் அதன் பயனும்
 └─ மாயை  : உடல், கருவி, உலகம், நுகர்பொருள்
             ஆகியவற்றின் மூலப்பொருள்
```

ஆணவம் செம்பில் களிம்புபோல உயிரோடு என்றும் உடனிருப்பது. அதை யாரும் பூசவில்லை, உயிர் செய்த பிழையால் வந்ததும் அன்று. மாயையை வெறும் பொய்த்தோற்றம் என்று மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். அது வேறொரு வேதாந்த மரபின் கருத்து. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள் என்பதோடு, ஒரு வகையில் உயிருக்குத் துணையும் ஆகும். ஆணவத்தால் எதையும் அறியாது கிடந்த உயிர், மாயையிலிருந்து இறைவன் ஆக்கித் தரும் கண், செவி, மனம் முதலிய கருவிகளால்தான் சிறிதளவேனும் அறியத் தொடங்குகிறது. கன்மத்தின் பயனை அக்கருவிகளைக் கொண்டே நுகர்ந்து கழிக்கிறது. ஆகவே படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் பதி தன் பொருட்டு நிகழ்த்தவில்லை. பாசமாகிய இம்மூன்று மலங்களும் நீங்கி உயிர்கள் உய்வதற்காகவே நிகழ்த்துகிறான். அவ்வழியில் உயிர் கடக்கும் மூன்று நிலைகளே கேவலம், சகலம், சுத்தம்.

படம் 3

```
கேவலம் : உயிர் + ஆணவம்
   │
   ▼
சகலம்  : உயிர் + ஆணவம் + கன்மம் + மாயை
   │
   │  இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம்
   ▼
சுத்தம் : உயிர் + திருவருள்
```

நல்வினை, தீவினை இரண்டின் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி நிற்பது இருவினையொப்பு. ஆணவத்தின் மறைக்கும் ஆற்றல் தளரும் பக்குவம் மலபரிபாகம். அப்பக்குவத்தில் திருவருள் உயிரில் பதிவது சத்திநிபாதம். அந்நிலையில் இறைவன் குருவாக வந்து உணர்த்துகிறான்.

வீடுபேற்றிலும் முப்பொருள் அழிவதில்லை. ஆணவம் தன் ஆற்றல் மடங்கிக் கிடக்கும். உயிர் சிவத்தோடு பிரிவின்றிக் கலந்து இன்பம் நுகரும். ஆயினும் ஐந்தொழில் பதிக்கே உரியது, முத்தி பெற்ற உயிருக்கு அது இல்லை.