சிங்கப்பூரில் கம்பி கட்டுகிற தம்பிக்கு ஒரு உடற்பயிற்சித் திட்டம்

தம்பி, நீ கேட்டதை எழுதியே தருகிறேன். கட்டில் பக்கத்தில் ஒட்டி வை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து லாரி ஏறி, ஓவர்டைம் முடித்து இரவு எட்டரைக்கு டார்மெட்ரி திரும்புகிறாய். இதற்கு மேல் களைப்பு உனக்கு வேண்டாம். நாள் முழுக்கக் குனிந்தே இருந்த உடம்பை நிமிர்த்தி, வேலை தொடாத இடங்களுக்குப் பலம் சேர்த்தால் போதும். தண்டால், சிட்அப் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நான் வந்த புதிதில் வேலை முடிந்து தினமும் தண்டால் எடுத்து, தோள் வலியோடு இரண்டு மாதம் கிடந்தேன்.

தினமும் இரவு, குளித்தபின் 5 நிமிடம்

பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் 1 நிமிடம் உயர்த்து. அப்புறம் ஒரு கால் மண்டியிட்டு இடுப்பை முன்னே தள்ளு. மண்டியிட்ட காலின் தொடை முன்பக்கம் இழுபட வேண்டும். பக்கத்துக்கு 1 நிமிடம்.

கடைசியில் விரல்கள். ஐந்து விரல் நுனியையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டி, மெதுவாக விரி. ஒரு கைக்கு 20 முறை. கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி உன் கை மூடத்தான் பழகியிருக்கிறது, விரிக்கும் தசைக்கு வேலையே இல்லை. இரவில் விரல் மரத்துப்போனால் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டு.

ஞாயிறு காலை 30 நிமிடம்

முதுகுப்பையில் 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வை, 6 கிலோ ஆச்சு.

ஒரு கையை பெஞ்சில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, மறுகையால் பையை விலா வரை இழு: 10 முறை.
மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்து: 12 முறை.
ஒரு காலைப் பின்னே வைத்து நேராகக் கீழே இறங்கி எழு: காலுக்கு 8 முறை.
பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடம்பைத் தூக்கி நில்: பக்கத்துக்கு 20 வினாடி.

எல்லாம் மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை முடியும் என்று தோன்றும்போதே நிறுத்து. நான்கு வாரம் சுலபமாகப் போனால் ஒரு பாட்டில் கூட்டு.

புதன்கிழமை ஓவர்டைம் இல்லையென்றால் இதையே ஒரு சுற்று. கான்கிரீட் போட்ட நாளிலும், மாடி ஏறவே கால் கனக்கும் நாளிலும் தொடாதே. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தாலும் அப்படியே.

கேட்டரிங் சாப்பாட்டில் சோறுதான் அதிகம். தினமும் இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சேர்த்துக்கொள். சைட்டில் மணிக்கு ஒருமுறையாவது தண்ணீர் குடி. வெயில் மீட்டர் 32 காட்டினால் கடும் வேலைக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும் என்பது 2023 முதல் மனிதவள அமைச்சின் விதி. கேட்கக் கூச்சப்படாதே.

வரும் ஞாயிறு ஏழு மணிக்குப் பையோடு கீழே வா. முதல் தடவை நான் கூட நின்று பார்க்கிறேன். அப்புறம் லிட்டில் இந்தியா போகலாம்.