நான்காம் வகுப்பு கணக்கு: பின்னங்கள், அலகுத் திட்டம்

பள்ளி: கடலூர் கடற்கரையோர ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
மாணவர்: 28 (14 இணைகள்)
நேரம்: 12 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம்

பாடவேளைப் பங்கீடு: 1 முதல் 5 வரை கைப்பொருள், 6, 7 படம், 8 முதல் 11 வரை குறியீடு, 12 மதிப்பீடு. எட்டாம் பாடவேளைக்கு முன் கரும்பலகையில் 1/2 என்றோ 3/4 என்றோ எழுத வேண்டாம். அதுவரை எல்லாம் வாய்ச்சொல்தான். "முக்கால்" என்ற சொல்லே மூன்று கால் என்று சொல்லிவிடுகிறது. குறியீடு முந்திக்கொண்டால் பிள்ளைகள் 3, 4 என இரண்டு தனி எண்களைத்தான் பார்ப்பார்கள்.

பொருள்கள்

பட்டைப் பெட்டி: 24 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள சார்ட் பட்டைகள், ஆறு நிறம். இணைக்கு நிறத்துக்கு ஒன்று. முதல் நிறத்தை முழுசாக விடவும். மற்றவற்றை 12, 8, 6, 4, 3 செ.மீ. துண்டுகளாக வெட்டவும், அவை அரை, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று. 24 செ.மீ. எடுப்பதற்குக் காரணம், இந்த ஐந்தும் மிச்சமின்றி வகுபடும். 70 × 56 செ.மீ. சார்ட்டில் 34 பட்டை கிடைக்கும். நமக்கு நிறத்துக்கு 14 போதும், பாதி சார்ட் மிஞ்சும்.

இந்தப் பெட்டியை ஆசிரியரே அளவுகோல் வைத்து வெட்ட வேண்டும். மடித்து வெட்டினால் ஒரு துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும், நான்கு எட்டில் ஒன்று துண்டு சேர்கையில் அரைத் துண்டோடு பொருந்தாமல் போகலாம். "நாலும் சேந்தா அரை வரல டீச்சர்" என்று பிள்ளை சொன்னால், அவள் கண்டது சரிதான், நம் வெட்டுதான் தப்பு. துண்டுகளில் எதையும் அச்சிடவோ எழுதவோ கூடாது. எழுதியிருந்தால் அளந்து பார்க்காமல் எழுத்தைப் படித்தே விடை சொல்வார்கள்.

மற்றவை: இணைக்கு 24 புளியங்கொட்டை, ஒரு பக்கம் வெறுமையான பழைய தாள்கள், ஒரு படியும் ஓர் ஆழாக்கும் (ஊரில் பல வீட்டில் இன்னும் இருக்கும், முந்தின நாளே கேட்டு வாங்கவும்), காய்ந்த மணல் ஒரு வாளி.

பாடவேளை 1, 2: சமமா, இல்லையா

தாளை இரண்டாக மடிக்கச் சொல்லவும். பலர் விளிம்பு சேராமல் மடிப்பார்கள். திருத்த வேண்டாம். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொன்னால் தானே தெரியும். பிறகு சதுரத் தாள்: ஒருவர் குறுக்குவாட்டில் மடித்துக் கால் எடுக்க, இன்னொருவர் மூலைவிட்டமாக மடித்துக் கால் எடுக்கட்டும். வடிவம் வேறு, அளவு ஒன்றா? முக்கோணக் காலை வெட்டிச் சதுரக் காலின் மேல் ஒட்டிப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

தோசை, வட்டத்தட்டு படங்களோடு தொடங்க வேண்டாம். வட்டத்தில் அரையும் காலும் எளிது, மூன்றில் ஒன்று வெட்டுவது பெரியவர்களுக்கே வராது.

பாடவேளை 3: பட்டைப் பெட்டி

"முழுப் பட்டையை நிரப்ப எத்தனை பச்சை வேணும்?" என்று கேட்டபின்தான் பெயர். நான்கு பச்சை வந்தால் ஒவ்வொன்றும் கால். மூன்று வைத்தால் முக்கால். ஆறு வந்தால் ஆறில் ஒன்று. மூன்று வந்தால் மூன்றில் ஒன்று.

பாடவேளை 4: படியும் ஆழாக்கும்

படி நிரம்ப எத்தனை ஆழாக்கு மணல்? எட்டு. தலை தட்டாமல் கோபுரமாக அளந்தால் ஏழிலேயே நிரம்பிவிடும். அதையும் ஒருமுறை செய்து காட்டவும். "சம பங்கு" என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று என்பதை இங்கே சேர்க்கலாம். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் முந்திரி என்பதும் பழைய தமிழ்க் கணக்கில் ஒரு பின்னம், 320-ல் ஒன்று என்று சொல்லி வைக்கவும். கணக்கு போட வைக்க வேண்டாம்.

பாடவேளை 5: குவியலும் "முழுசு" மாறுவதும்

12 கொட்டையை மூன்று குவியலாக்கி இரண்டு குவியல் எடுத்தால் மூன்றில் இரண்டு, 8 கொட்டை. எட்டில் ஒன்று கேட்கும்போது 24 கொட்டை வைக்கவும்; 12-ல் அது வராது.

பிறகு பூ. நூலை முழம் போட்டு இரண்டு பிள்ளைகள் அளக்கட்டும். இருவரின் அரை முழமும் ஒரே நீளமா? திருப்பாப்புலியூர் சந்தையில் பூ வாங்கிய எல்லாருக்கும் பதில் தெரியும். எந்த முழுசின் பாதி என்பதை எப்போதும் சொல்லிப் பழக்கவும்.

பாடவேளை 6, 7: படம்

பட்டையை நோட்டில் வைத்து நிழலிட்டு வரைதல். தாளின் அகலம் பத்தாவிட்டால் 12 செ.மீ. பட்டை வரையலாம். வேண்டுமென்றே சமமில்லாத நான்கு பாகப் படம் ஒன்று கலக்கவும். ஐந்து சம பாகப் படத்தில் நிழலிட்டது 3, விட்டது 2 என்றால் "இரண்டில் மூன்று" என்பவர் இருப்பார். அவர் மொத்தத்தை எண்ணவில்லை. அவரை ஐந்து பாகத்தையும் விரலால் தொட்டு எண்ண வைக்கவும்.

பாடவேளை 8: குறியீடு

தமிழில் "நான்கில் மூன்று" என்கிறோம். நான்கு முதலில் வருகிறது. மேலிருந்து எழுதினால் 4/3 ஆகிவிடும். ஆகவே எழுதும் வரிசை இது: முதலில் கோடு, பிறகு கீழே 4, கடைசியாக மேலே 3. வாயும் கையும் ஒரே வரிசையில் போகும்.

ஆசிரியர்: "முழுசை எத்தனையா வெட்டினோம்?"
பிள்ளைகள்: "நாலு!"
ஆசிரியர்: "கீழே எழுது கண்ணு. எடுத்தது?"
பிள்ளைகள்: "மூணு!"
ஆசிரியர்: "மேலே."

கீழே உள்ளது பகுதி, மேலே உள்ளது தொகுதி. இப்போதுதான் பட்டைத் துண்டுகளில் பிள்ளைகள் தாமே பெயர் எழுதலாம்.

பாடவேளை 9: எது பெரிது

1/8, 1/4: எட்டு பெரிது, ஆகவே 1/8 பெரிது என்பது எதிர்பார்க்க வேண்டிய தவறு. விதி சொல்லாமல் பட்டையை வைக்கச் சொல்லவும். "எட்டுப் பேருக்குப் பங்கு போட்டா எனக்குக் கம்மி" என்று ஒருவர் சொல்லும்வரை காத்திருக்கவும்.

பாடவேளை 10: எண்கோடு

கிடையாக வைத்த தாளில் 24 செ.மீ. கோடு, இடமுனை 0, வலமுனை 1. கால் துண்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் குறி. கோடுகளை எண்ணி, 0-வையும் சேர்த்து, 3/4-ஐ 2/4-ன் இடத்தில் வைப்பவர்கள் பலர். துண்டுகளைத் தாண்டுவதுபோல் விரலால் குதித்து எண்ணச் செய்தால் சரியாகும்.

பாடவேளை 11: சமான பின்னமும் கூட்டலும்

1/2-ன் கீழ் 2/4, 3/6, 4/8 அடுக்கிப் பார்த்தால் போதும். பெருக்கல் விதி இந்த வகுப்புக்கு அவசரம் இல்லை. கூட்டலில் பகுதி ஒன்றாக உள்ளவை மட்டும். 2/8 + 3/8 = 5/10 எழுதுபவரிடம், "ரெண்டு எட்டில் ஒண்ணு, மூணு எட்டில் ஒண்ணு, மொத்தம் எத்தனை எட்டில் ஒண்ணு?" என்று துண்டைக் கையில் கொடுத்துக் கேட்கவும்.

பாடவேளை 12: மதிப்பீடு

1. 24 செ.மீ. பட்டையில் 3/8 காட்டு. (9 செ.மீ.)
2. 12 கொட்டையில் 3/4 எடு. (9)
3. 1/6, 1/4: பெரியது எது, ஏன்?
4. எண்கோட்டில் 2/3 குறி.
5. 3/6 + 2/6 = ?

மூன்றாம் கேள்விக்குக் காரணம் சொல்லாத விடைக்கு அரை மதிப்பெண். ஐந்தில் மூன்றுக்குக் குறைவாகச் செய்தவர்களைப் பாடவேளை 3-க்குத் திருப்பி அழைத்து, பட்டையோடு 20 நிமிடம், இரண்டு நாள். மற்றவர்கள் அந்நேரம் ஐந்து, பத்துத் துண்டுகளாக 20 செ.மீ. பட்டையைத் தாமே அளந்து வெட்டட்டும்.